நோட்டு உங்களுடையது, கண் யாருடையது?

கேள்வி: அக்கா, நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றறிக்கை, ஆண்டறிக்கை எல்லாம் நான்தான் தமிழில் எழுத வேண்டும். பிழை நிறைய வருவதால் ஒன்றரை வருடமாகப் பிழை நோட்டு எழுதுகிறேன். ராத்திரி என் மனைவி பாத்திரம் கழுவிவிட்டு வந்து, நான் எழுதியதைப் படித்துப் பிழைகளைச் சொல்வாள். சரியான சொல்லை நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். பயிற்சி, முயற்சி, ஏற்பாடு என்று இரண்டு நோட்டுகள் நிறைந்துவிட்டன. ஆனாலும் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கு ஞாபகசக்தி குறைவோ?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. இதையும் அவர்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறார், இல்லையா? பாத்திரம் கழுவிவிட்டு வந்து.

ஞாபகசக்தியை விடுங்கள். பிழை நோட்டில் பாதிக்கு மேற்பட்ட வேலை பிழையைக் கண்டுபிடிப்பதுதான், அதை ஒன்றரை வருடமாக அவர் செய்கிறார், நீங்கள் அவர் சொன்னதைப் பார்த்து எழுதுகிறீர்கள். அவர் கண் கூர்மையாகிவிட்டது, உங்கள் கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் சம்பளம் வாங்கும் வேலையில் ஒரு பகுதியைத் தினமும் இன்னொருவரின் தூக்கத்திலிருந்து எடுப்பதை நான் உதவி என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த நோட்டு. சரியான சொல்லை மட்டும் எழுதி வைத்தால் அது சின்ன அகராதி, அவ்வளவுதான். நீங்கள் தவறாக எழுதிய வாக்கியத்தை, வெட்கப்படாமல், எழுதியபடியே முழுசாக எழுதுங்கள். அதன் கீழே, கை ஏன் அப்படிப் போனது என்று ஒரு வரி. இந்த ஒரு வரிதான் உங்கள் இரண்டு நோட்டுகளிலும் இல்லை.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன மூன்று சொற்களையே எடுத்துக்கொள்வோம். 'பயிற்ச்சி', 'முயற்ச்சி', 'ஏற்ப்பாடு' என்று எழுதியிருப்பீர்கள். ஏன்? வளர்ச்சி, மகிழ்ச்சி, வாய்ப்பு என்று தினமும் எழுதுகிறீர்கள்; அங்கே ர், ழ், ய் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வருகிறது, கை அதே பழக்கத்தில் ற் பக்கத்திலும் ஒன்றை வைத்துவிடுகிறது. தமிழ்ச் சொல்லில் ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆக, நோட்டில் மூன்று இடத்தில் இருப்பது ஒரே பிழை. இந்தக் காரணத்தை ஒரு பக்கத்தின் தலையில் எழுதிவிட்டால், இன்னும் நீங்கள் செய்யாத 'கற்ப்பனை', 'காட்ச்சி', 'வெட்க்கம்' எல்லாம் அதே பக்கத்தில் மாட்டும். அதே பிழை திரும்ப வந்தால் புதிதாக எழுதாதீர்கள், அந்தப் பக்கத்திலேயே தேதியை மட்டும் போடுங்கள். தேதிகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறதா என்று பார்த்தால் போதும், திருந்துகிறீர்களா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சந்திப்பிழையில் மட்டும் கொஞ்சம் கவனம். 'கூட்டத்தை கூட்டினார்' என்பதை 'கூட்டத்தைக் கூட்டினார்' என்று திருத்திய சூட்டில், பலர் கண்ட இடத்தில் எல்லாம் ஒற்றெழுத்தை நுழைத்து 'வந்தப் பணம்', 'தலைவரோடுப் பேசினோம்' என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். பழைய பிழை போய்ப் புதுப் பிழை. அதனால் 'ஐ உருபுக்குப் பின் மிகும்' என்று எழுதும் பக்கத்திலேயே, மிகாத இடத்துக்கும் ஒன்று எழுதி வையுங்கள்: வந்த பணம், தலைவரோடு பேசினோம்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? எழுதிய அன்றே படிக்காதீர்கள், மனசில் இருப்பதைத்தான் கண் படிக்கும். மறுநாள் காலை அலுவலகத்தில், தாளில் எடுத்து, ஒரு தடவைக்கு நோட்டில் உள்ள ஒரு பக்கத்துப் பிழையை மட்டும் தேடுங்கள். ஒரு தடவை ட், ற் மட்டும். அடுத்த தடவை வாக்கியத்தின் கடைசி வினையைத் தொட்டு, அதற்கு உரிய எழுவாயைப் பின்னால் போய்த் தேடுங்கள். 'சான்றிதழ்கள் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டது' என்று உங்கள் ஆண்டறிக்கையில் கட்டாயம் இருக்கும். 'சான்றிதழ்கள்' தூரத்தில் நின்றுவிட்டதால் 'வழங்கப்பட்டன' வரவில்லை.

உங்கள் மனைவியிடம் இனி மாதம் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள், அதுவும் பகலில், அவர் சரி என்று சொன்னால் மட்டும். பிழை எது என்று அவர் சொல்லக் கூடாது. பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும், வரிக்குள் தேடுவது உங்கள் வேலை. அன்றைக்குப் பாத்திரமும் உங்கள் பொறுப்பு.