ஆதாரில் ஊர் முகவரி, இணைப்பு வேண்டியது வாடகை வீட்டுக்கு

கேள்வி: ஆதாரில் திருநெல்வேலி முகவரி இருக்கிறது, குடியிருப்பது சென்னையில் வாடகைக்கு. ஆன்லைனில் பிராட்பேண்ட் கேட்டால் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். அதற்காக ஆதாரில் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. ஆதார் நீங்கள் யார் என்பதற்கு, வயர் எங்கே வரவேண்டும் என்பது தனிக் கேள்வி. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி, இணைப்பு முகவரி என்று இரண்டு இடம் இருக்கும், முதலாவதில் ஆதாரில் உள்ளதை எழுத்து மாறாமல் போட்டு, இரண்டாவதில் சென்னை முகவரியைக் கொடுத்து, அதற்கு ஆதாரமாக உங்கள் பெயரிலுள்ள வாடகை ஒப்பந்தத்தை ஏற்றுங்கள். "இரண்டும் ஒன்றே" என்ற கட்டம் சில தளங்களில் தானாகவே டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோரிக்கை திருநெல்வேலிக்குப் போய்விடும்!

ஆதார் ஓடிபி, ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் வரும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

சென்னையில் பெரிய தொல்லை கதவு எண்தான். பழைய எண் 14, புதிய எண் 31 என்றால் இரண்டையும் எழுதி, மாடி, அருகிலுள்ள கோயில் அல்லது கடை, பின்கோடு எல்லாம் சேர்த்து, மேப்பில் புள்ளியை உங்கள் வீட்டு வாசலிலேயே வையுங்கள். நான் புதிய எண்ணை மட்டும் கொடுத்தேன், இணைப்பு கொடுக்க வந்த ஆள் அதே தெருவில் பழைய 31க்குப் போய் "வீடு பூட்டியிருக்கிறது" என்று கோரிக்கையை மூடிவிட்டார்.

அப்புறம், தளம் "சேவை உண்டு" என்று காட்டினாலும் பக்கத்து ஃபைபர் பெட்டியில் போர்ட் காலியாக இருக்கிறதா என்பது பெரும்பாலும் ஆள் வந்து பார்த்தால்தான் உறுதியாகும், அதனால் பணம் கட்டுமுன் அதைக் கேளுங்கள். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.