அண்ணன் கேட்பதே இல்லை, அக்கா கேட்பதை நிறுத்துவதே இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

வீட்டில் நான் கடைக்குட்டி. மூத்தவர் அண்ணன், அடுத்து அக்கா. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அண்ணன்தான். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிறிதாக ஒரு மென்பொருள் கம்பெனி ஆரம்பித்தோம். குடும்பத்துக்கு நிலையான வருமானம் வேண்டும் என்று அண்ணன் இரண்டாம் வருடமே விலகி வேலைக்குப் போய்விட்டார். நான் விடாமல் நடத்தி, மூன்று வருடங்களுக்கு முன் அதை விற்றேன். இனி வேலைக்கே போகாமல் வாழலாம், அந்த அளவுக்குப் பணம் வந்தது.

அக்கா வீட்டுக்காரரின் தொழிலுக்குக் கடனாக ஒரு தொகை கொடுத்தேன். திரும்பி வரவில்லை, அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. அக்கா இப்போது என்னை நேராகக் கூப்பிடுவதில்லை. ஏதாவது தேவை என்றால் அம்மாவிடமிருந்துதான் போன் வரும். இப்போது அவர்கள் வீடு வாங்கப் போகிறார்களாம். முன்பணமும் வேண்டுமாம், வங்கிக் கடனுக்கு என் ஜாமீன் கையெழுத்தும் வேண்டுமாம். அண்ணனோ ஒரு காசு கேட்டதில்லை, நானாகக் கொடுத்ததையும் வாங்கவில்லை. ஆனால் பார்க்கும்போதெல்லாம் "வாங்க முதலாளி" என்கிறார். என் மகள் பிறந்தநாளுக்கு வந்தவர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். "இன்னும் எவ்வளவு கொடுத்தால் இவர்களுக்குத் திருப்தி வரும்?" என்று மனைவி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

ஒரு தம்பி

---

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு கொடுத்தாலும் வராது. தொகை போதவில்லை என்பதல்ல சிக்கல். பணம் எந்த வழியாக, எந்த முறையில் கைமாறுகிறது என்பதில்தான் சிக்கல். அண்ணனுக்கு ஒரு விதமாகவும் அக்காவுக்கு வேறு விதமாகவும் அது வலிக்கிறது. இரண்டையும் ஒரே பொறாமைக் கணக்கில் எழுதிவிட்டால் ஒன்றைக்கூடச் சரிசெய்ய முடியாது.

அண்ணனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கடிதத்தில் அக்காவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்பவர் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்று படுகிறது. ஆபிரகாம் டெஸர் என்ற அமெரிக்க சமூக உளவியலாளர் 1980களில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். மிக நெருங்கியவர் நம்மைவிட மேலே போகும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. அது நாம் அக்கறை கொள்ளாத துறை என்றால் பெருமைப்படுகிறோம். நாமும் ஜெயிக்க நினைத்த அதே துறை என்றால் அடிபடுகிறோம். யாரோ ஒருவர் ஜெயித்தால் அவ்வளவு வலிப்பதில்லை. நெருக்கமும் அதே துறையும் சேரும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகிறது. நீங்கள் பாடகராகிப் பணக்காரர் ஆகியிருந்தால் உங்கள் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். நீங்கள் விற்றதோ அவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. உங்களைப் பார்க்கும்போதெல்லாம், தான் விலகாமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருப்போம் என்ற கணக்கு அவர் மனதில் ஓடுகிறது. அதிலும் அவர் விலகியது சோம்பலால் இல்லை, குடும்பத்துக்காக.

இந்த வலியைத் தாங்க மனிதர்களுக்குத் தெரிந்த வழிகளில் ஒன்று, கொஞ்சம் தள்ளி நிற்பது. பத்து நிமிடத்தில் கிளம்புவதும் "முதலாளி" என்று கேலி செய்வதும் அதுதான். வெறுப்பு இருந்தால் அவர் பிறந்தநாளுக்கே வந்திருக்க மாட்டார். இப்படி இருக்கும்போது நீங்கள் பணத்தை நீட்டினால் என்ன ஆகும்? உங்களைப் படிக்கவைத்தவர் என்ற ஒரு இடம் அவருக்கு மிச்சம் இருக்கிறது. அதையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் மறுத்ததில் ஆச்சரியமே இல்லை.

அவரிடம் செய்ய வேண்டியது வேறு. அந்த முதல் இரண்டு வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பதைப் பெயர் குறிப்பிட்டு, மற்றவர்கள் இருக்கும்போது சொல்லுங்கள். "எல்லாம் அண்ணன் ஆசீர்வாதம்" என்ற பொதுப்பேச்சு வேண்டாம், அது அவருக்கு எரிச்சலைத்தான் கூட்டும். "முதல் வாடிக்கையாளரைப் பிடித்தது அண்ணன், அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மூடியிருப்போம்" என்பது போல, உண்மையாக நடந்த ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று: அவர் முன்னால் உங்கள் வசதியை மறைத்து ஏழை வேஷம் போடாதீர்கள். அவருக்குக் கணக்குத் தெரியும். நீங்கள் நடிக்கிறீர்கள் என்றால் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இப்போது அக்கா. அவர் உங்களைக் கூப்பிடாததற்குக் காரணம் நன்றியின்மை என்று நினைக்கிறீர்கள் போலும். எனக்கு அது கடன் வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியமாகத் தெரிகிறது. கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது, அதனால் தூதுக்கு அம்மா. நீங்கள் கொடுத்த பணத்துக்குப் பெயர் கடன். ஆனால் எப்போது, எவ்வளவு, எப்படித் திரும்ப வேண்டும் என்று யாரும் பேசவில்லை. "தம்பியிடம் இவ்வளவு இருக்கும்போது உண்மையிலேயே கேட்பானா?" என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். "வாய்விட்டு ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே" என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இந்த அரைகுறை நிலைதான் ஆபத்து. முழுக் கடனாக இருந்தால் தவணை வரும், முழுக் கொடையாக இருந்தால் மனது லேசாகும். இரண்டும் இல்லாததால் ஒவ்வொரு போன் அழைப்பிலும் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதை முடித்துவையுங்கள், ஏதாவது ஒரு பக்கமாக. மனதார விட்டுவிட முடியும் என்றால் அக்காவிடம் நேரில், தனியாகச் சொல்லுங்கள்: "அக்கா, அந்தப் பணத்தை நான் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நீயும் அதை மறந்துவிடு." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டாம், அம்மா மூலமாகவும் வேண்டாம். சொன்ன பிறகு எந்தச் சண்டையிலும் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. அது முடியாது, உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும் என்றால் தள்ளுபடி செய்யவே செய்யாதீர்கள். அவர்களால் முடிந்த ஒரு சிறு மாதத் தொகையை அவர்களையே சொல்லச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தன்மையாக விட்டுவிட்டு வருடம் முழுவதும் குத்திக்காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் அம்மா. இரண்டு பேருக்குள் பதற்றம் வரும்போது மூன்றாவது ஒருவரை இழுத்து நடுவில் நிறுத்துவதைக் குடும்ப சிகிச்சையில் முக்கோணம் என்போம். மரே போவன் என்ற மனநல மருத்துவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நடுவில் இருப்பவர் பதற்றத்தை அடக்கிவைப்பார், ஆனால் விஷயத்தைத் தீர்க்கவிட மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, பாவம், பிள்ளைகளில் யாருக்குக் குறைவு என்று அவருக்குத் தோன்றுகிறதோ அவர் பக்கம் சாய்கிறார். அடுத்த முறை அவர் போன் செய்தால், "அம்மா, அக்காவே பேசட்டும், நான் கண்டிப்பாகக் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லி வேறு பேச்சுக்குப் போங்கள். ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஆரம்பத்தில் கோபமும் அழுகையும் கூடத்தான் செய்யும். அந்தச் சமயத்தில் இரக்கப்பட்டு ஒருமுறை அம்மா வழியாகக் கொடுத்துவிட்டால், அழுதால் கிடைக்கும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதுவரை சொன்னது பழையதைச் சரிசெய்ய. இனிமேலுக்கு ஒரே ஒரு மாற்றம் போதும்: கேட்டால் கொடுப்பது என்ற முறையை நிறுத்திவிட்டு, ஒரு விதி வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு தேவையும் உங்கள் வாசலுக்கு வந்தால் நீங்கள் நீதிபதி, அவர்கள் மனுதாரர்கள். அக்கா கேட்டு வாங்கிக் குறுகிப்போகிறார், அண்ணன் கேட்க மறுத்து வெறுங்கையோடு நிற்கிறார். அரி நாட்லர் என்ற உளவியலாளர் உதவியை இரண்டாகப் பிரிக்கிறார்: வாங்குபவரை நம்மையே சார்ந்திருக்க வைப்பது ஒன்று, தன் காலில் நிற்க வைப்பது மற்றொன்று. முதல் வகை வாங்குபவரின் சுயமதிப்பைக் குறைக்கக்கூடும். நன்றிக்குப் பதில் எரிச்சல் வருவது பல வீடுகளில் இதனால்தான்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் விதி இரண்டு பகுதி. முதலாவது, அம்மாவின் செலவு. அதை மூவரும் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளுங்கள். 100 பங்கு என்று வைத்தால் நீங்கள் 80, அண்ணன் 15, அக்கா 5 என்பது போல. முழுவதையும் நீங்களே ஏற்கலாம், உங்களுக்கு அது பெரிதில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அம்மாவைப் பற்றிய முடிவுகளும் உங்களுடையதாகிவிடும். 15ம் 5ம் அவர்களுக்குப் பேசும் உரிமையைத் தருகின்றன. இரண்டாவது, அண்ணன், அக்கா இருவரின் பிள்ளைகளுக்கும் கல்லூரிக் கட்டணம், ஒரே விதமாக, நேராகக் கல்லூரிக்கே. யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரையும் எடைபோட வேண்டியதுமில்லை. உங்களுக்கு அண்ணன் செய்ததும் இதுதானே, அதனால் அவருக்கு இது தர்மம் போடுவதாகத் தெரிய வாய்ப்பு குறைவு. மொத்தம் எவ்வளவு என்பதை முதலில் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் விதியைத் தாண்டி ஒருமுறை கொடுத்தாலும் அது விதி இல்லை.

வீட்டு விஷயம். ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள். அவர்கள் தவணை கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும், அது மறுபடியும் எழுதாத கடன்தான், பல மடங்கு பெரியது. காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எதிர்வாதம் வரும். "யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம்" என்ற ஒரு வரி போதும். முன்பணத்தில் கொஞ்சம் கொடுக்க மனம் இருந்தால் அன்பளிப்பு என்று சொல்லியே, பழைய கடன் பேச்சு முடிந்த பிறகு, ஒரே தடவையாகக் கொடுங்கள். அதே அளவு தொகையை அண்ணனுக்காகவும் தனியே ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் கேட்டவருக்கே கிடைக்கும் என்ற பழைய கதை திரும்பிவிடும். அக்கா வீட்டுக்காரருக்குத் தொழில் ஆலோசனை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள்!

படிப்புச் செலவு பற்றி முதலில் அண்ணனிடம் பேசுங்கள், அக்காவிடம் பிறகு. அறிவிப்பாக வேண்டாம்: "இப்படி ஒரு யோசனை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் முடிவில் திருத்தம் செய்ய இடம் விட்டுக் கேளுங்கள். அவர் பாதியைத் தானே கட்டுவேன் என்றால் சரி என்று சொல்லிவிடுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், அந்தத் தொகையைப் பிள்ளைகள் பேரில் அப்படியே விட்டுவையுங்கள்.