பில்லியர்ட்ஸ் மேசையும் புல எண்ணும்: விளம்பரங்களால் ஒரு கதை

கேள்வி: வரி விளம்பரம், பொது அறிவிப்பு, செய்தி நறுக்கு இவற்றை மட்டும் அடுக்கி, ஒரு பெரிய சம்பவம் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படும்படி கதை எழுத நினைக்கிறேன். எழுதிப் பார்த்தால் எல்லா விளம்பரமும் கதையை விளக்கிச் சொல்வதுபோலவே இருக்கிறது. எப்படித் தவிர்ப்பது?

பதில்:

இந்த வடிவத்தில் எழுதும்போது நான் கைவிடாத விதி ஒன்று உண்டு. விளம்பரம் கொடுப்பவருக்குத் தம் காரியம் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு பொருள் விற்க வேண்டும், ஓர் ஆள் தேவை, அல்லது தொலைந்த ஒன்று கிடைக்க வேண்டும். பெரிய சம்பவத்தின் ஒரு நுனி அவருடைய வாழ்க்கையில் பட்டிருக்கும். ஆனால் தம்மேல் பட்டது என்ன என்று அவருக்கே தெரியாது. நீங்கள் சொல்லும் சிக்கல், விளம்பரதாரர் ஆசிரியருக்காகப் பேசத் தொடங்கும் இடத்தில்தான் பிறக்கிறது. "எங்கள் தெரு மெல்ல மண்ணில் புதைந்துகொண்டிருப்பதால் வீட்டை விற்கிறேன்" என்று வீடு விற்பவர் எவரும் காசு கொடுத்து அச்சிட மாட்டார்.

தெரு புதைவதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நிலத்தடிச் சுரங்கம் ஒன்று குடியிருப்புப் பகுதியின் அடிவரை நீண்டுவிட்டது. மேலே நிலம் மெதுவாகத் தாழ்கிறது. இறுதியில் ஒரு தெருவே உள்வாங்குகிறது. எழுதத் தொடங்குமுன் இந்தத் தாழ்வு வீடுகளுக்குள் எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டும். சுவர் இடிவது கடைசியில் வருவது. முதலில் நிலைச்சட்டம் கோணலாகிக் கதவுகள் இறுகும். பிறகு சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். மண்ணுக்குள் குழாய் இணைப்புகள் விலகித் தண்ணீர் கசியும். இந்த ஒவ்வொரு அடையாளமும் யாரோ ஒருவரை நாளிதழ் அலுவலகத்துக்கு அனுப்பும். கதவு செதுக்கித் தரும் தச்சர் தம் விளம்பரத்தில் "மேற்குத் தெருவாசிகளின் கவனத்துக்கு" என்று சேர்ப்பார். அங்கேதான் அவருக்கு வேலை அதிகம் கிடைக்கிறது, ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. குடிநீர் அலுவலகம் அதே தெருவில் குழாய் பழுதுபார்ப்புக்காக நீர் நிறுத்தம் என்று மீண்டும் மீண்டும் அறிவிக்கும்.

நான் மிகவும் நம்பும் உத்தி, ஒரே பொருளை இரண்டு முறை விற்க வைப்பது. முதல் விளம்பரம் இப்படி இருக்கட்டும்: "பில்லியர்ட்ஸ் மேசை விற்பனைக்கு. ஒருபக்கம் சாய்வு உண்டு. பலமுறை ரசமட்டம் வைத்துச் சரிசெய்தும் நிற்கவில்லை. பழுது நீக்கத் தெரிந்தவர் வாங்கலாம். மேற்குத் தெரு." சில வாரங்கள் கழித்து ஊரின் மறுகோடியிலிருந்து வேறொருவர்: "பச்சை விரிப்புள்ள பில்லியர்ட்ஸ் மேசை, ஒரு காலில் தீக்காயத் தழும்பு. மட்டம் துல்லியமாக உள்ளது. பழுது எதுவும் பார்க்கவில்லை." முதல் விளம்பரத்திலும் அந்தத் தழும்பைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே மேசை என்பது உறுதியாகும். சாய்ந்தது மேசை அல்ல, தரை என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. வாசகர் தாமாகவே கண்டுபிடிக்கிறார். சரிசெய்தும் நிற்கவில்லை என்ற சொற்கள், தாழ்வு இன்னும் ஓயவில்லை என்பதையும் காட்டிவிடுகின்றன. விற்றவர் அதையெல்லாம் மேசையின் கோளாறு என்றே நம்பி எழுதினார் என்பதால்தான் இது வேலை செய்கிறது.

பொது அறிவிப்பின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. விளம்பரம் கவனிக்கப்பட விரும்புகிறது. சட்டக் கட்டாயத்துக்காக வெளியாகும் அறிவிப்புக்குப் பல நேரங்களில் அந்த விருப்பமே இருப்பதில்லை. ஆகவே அதன் மொழி உலர்ந்திருக்க வேண்டும்: "புல எண்கள் 112 முதல் 119 வரையிலான நிலங்களுக்கு அடியில் வழங்கப்பட்டுள்ள சுரங்கக் குத்தகையை நீட்டிக்கக் கோரி விண்ணப்பம் பெறப்பட்டுள்ளது. ஆட்சேபனை உடையோர் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தவறின் ஆட்சேபனை ஏதுமில்லை எனக் கொள்ளப்படும்." இதில் தெருப்பெயர் கிடையாது. வாசகருக்கு 115 என்ற எண் எந்த இடம் என்று இப்போது தெரியாது, தெரியவும் கூடாது. கதை பாதி கடந்த பிறகு ஒரு வீட்டு விற்பனை விளம்பரம் "மேற்குத் தெரு, புல எண் 115" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது பழைய அறிவிப்பு நினைவுக்கு வர வேண்டும். தேதியைப் பார்த்தால் அந்த 30 நாட்கள் எப்போதோ முடிந்திருக்கும். கதையின் கோபம் முழுவதும் அந்தத் தேதிக் கணக்கில் இருக்கிறது. அதற்காகத் தனியே ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை.

செய்தி நறுக்குகளைத்தான் மிகச் சிக்கனமாகக் கையாள வேண்டும், ஏனெனில் விளக்கிவிடும் ஆசை அங்கேதான் அதிகம் வரும். நிருபருக்கு வாசகரைவிடக் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1897இல் வெளியான 'டிராகுலா' நாவலில் இது அழகாக நடக்கிறது. புயலில் கரையொதுங்கிய கப்பலைப் பற்றிய நாளிதழ் நறுக்கு ஒன்று, ஒரு பெண்ணின் நாட்குறிப்பில் ஒட்டப்பட்டதாக வருகிறது. சுக்கானில் கட்டுண்டு இறந்துகிடந்த மாலுமியையும் கப்பலிலிருந்து குதித்தோடிய பெரிய நாயையும் நிருபர் விவரிக்கிறார். வந்திறங்கியது என்ன என்பது அவருக்குத் தெரியாது, அதுவரை படித்துவந்த நமக்குத் தெரியும். நம் கதையில், மேற்குத் தெருவில் முதல் சுவர் இடிந்த செய்தி "மழைநீர்க் கசிவே காரணம் என அதிகாரி தெரிவித்தார்" என்று முடியலாம். அதற்கு இரண்டு நறுக்குகள் முன்னால், போதிய மழையின்மையால் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வழங்கப்படும் என்ற அறிவிப்பு இருந்தால் போதும்.

தேதிகளை ஒழுங்காக வைத்திருக்க இரண்டு பத்திகள் கொண்ட தாள் ஒன்று உதவும். ஒருபக்கம் மண்ணுக்கடியில் உண்மையில் நடப்பது, மறுபக்கம் நாளிதழில் வெளிவருவது. இரண்டுக்கும் இடையே எப்போதும் தாமதம் உண்டு, அதுவும் வகைக்கு வகை மாறும். சுவர் இடிந்தால் மறுநாளே செய்தி வரும். கதவு இறுகினால் விளம்பரம் வரச் சில வாரங்கள் ஆகும். குத்தகை அறிவிப்போ எல்லாவற்றுக்கும் முன்னாலேயே வெளியாகியிருக்கும். இந்தத் தாமதங்களை ஒரே அளவாக வைத்தால் நறுக்குகள் வரிசையில் நின்று முறைவைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

முடித்த பிறகு, கதையை அறியாத ஒருவரிடம் பாதிவரை கொடுத்து, என்ன நடக்கிறது என்று நினைக்கிறார் எனக் கேளுங்கள். சுரங்கம் என்று உடனே சொன்னால் ஏதோ ஒரு நறுக்கு அதிகம் பேசுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். ஒன்றும் தோன்றவில்லை என்றால் பெரும்பாலும் இழைகள் அதிகமாகிவிட்டன என்று பொருள். மேசை, புல எண், தச்சர் என மூன்று இழைகளுக்குமேல் பெயர்களையும் எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்பது நியாயமல்ல. சம்பந்தமே இல்லாத ஒன்றிரண்டு விளம்பரங்களும் நடுவே இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாமே தடயம் என்று வாசகர் சந்தேகிக்கத் தொடங்குவார்.

தெரு உள்வாங்கிய நாளின் செய்தியை நீளமாக எழுதாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நான் எழுதினால் அந்தச் செய்தியையே விட்டுவிட்டு, அதற்கு மறுநாள் வந்த திருத்தத்தை மட்டும் வைப்பேன்: "நேற்றைய முதல் பக்கச் செய்தியில் 4 வீடுகள் என அச்சாகியிருந்தது. 14 வீடுகள் எனத் திருத்தி வாசிக்கவும்."