ஒரு வருட இலாபச் சரிவை வங்கிக்கு விளக்கும் கடிதம்

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் 2024/25 கணக்கில் இலாபம் ஒரேயடியாக விழுந்துவிட்டது. நவம்பர் வெள்ளம்தான் காரணம். கடன் விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் இதை எப்படி எழுதுவது?

பதில்:

கல்முனையில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட கடிதங்களில் உதவியிருக்கிறேன். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்கை வைத்தே சொல்கிறேன். தொகைகளை முழு இலட்சமாக்கியிருக்கிறேன்.

வரிக்கு முந்திய இலாபம் 30 இலட்சத்திலிருந்து 9 இலட்சமாகிவிட்டது. ஆலைக்காரர் முதலில் எழுதிய கடிதத்தில் "வெள்ளத்தால் பெரும் பாதிப்பு, கருணை காட்டவும்" என்ற அளவில்தான் இருந்தது. கடன் உத்தியோகத்தருக்கு வெள்ளம் வந்தது தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியது, குறைந்த 21 இலட்சம் எங்கே போனது, அதில் எவ்வளவு இனித் திரும்பி வராது என்பதுதான். ஆகவே கடிதத்தின் நடுவே அந்த 21 இலட்சத்தைப் பிரித்துக் காட்டினோம்.

களஞ்சியத்தில் இருந்த சிறுபோக நெல்லில் 12,000 கிலோ நனைந்து போனது. கொள்விலை கிலோ 125 ரூபாய், ஆக 15 இலட்சம். அதை மாட்டுத் தீவனத்துக்கு விற்றதில் 3 இலட்சம் கிடைத்தது. அந்த வரவையும் கழித்துக்கொண்டு நட்டம் 12 இலட்சம் என்றே எழுதினோம். மோட்டார், எலிவேற்றர் திருத்தத்துக்கு 4 இலட்சம். மூன்று வாரம் ஆலை மூடியிருந்ததில் கைவிட்டுப் போன இலாபம் ஏறக்குறைய 3 இலட்சம். மீதி 2 இலட்சம் கூலி உயர்வு. அது வெள்ளத்தால் வந்ததல்ல, அடுத்த வருடமும் இருக்கும். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். எல்லாவற்றையும் வெள்ளத்தின் தலையில் போட்டால் மற்றத் தொகைகளையும் நம்பமாட்டார்கள்.

சரி, வழக்கமான இலாபம் எவ்வளவு என்று காட்டும்போது 9 உடன் 12, 4 இரண்டை மட்டும் கூட்டி 25 இலட்சம் என்று போட்டோம். ஆலை மூடியிருந்ததால் போன 3 இலட்சம், முன்வருட அதே வாரங்களின் விற்பனையை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதற்கு பில் கிடையாது. அதனால் அதைக் குறிப்பாகச் சொல்லிவிட்டு, கூட்டாமல் விட்டோம். புது மோட்டார் வாங்கியிருந்தால் அதையும் கூட்ட முடியாது. அது நிலையான சொத்தில் ஏறியிருக்கும், இலாபத்தைக் குறைத்தது அதன் தேய்மானம் மட்டும்தான்.

இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. நனைந்த நெல்லுக்கு இலாபநட்டக் கணக்கில் பெரும்பாலும் தனி வரியே இருக்காது. இறுதி இருப்பு குறைந்து, விற்பனைக் கிரயத்துக்குள் மறைந்துவிடும். அப்போது வெளியே தெரிவது மொத்த இலாப வீதம் மட்டும்: இந்த ஆலைக்கு அது 15 சதவீதத்திலிருந்து 12 ஆகியிருந்தது. அதோடு, வாங்கிய நெல்லுக்கு விற்ற அரிசியின் அளவும் குறைந்து தெரியும். நெல் விளையும் ஊர்களில் வேலை செய்த உத்தியோகத்தர் அதைப் பார்த்ததும், அரிசியைக் கணக்கில் காட்டாமல் விற்றார்களோ என்றுதான் முதலில் யோசிப்பார். ஆகவே கணக்காய்வாளரிடம் சொல்லி, இருப்பு நட்டத்தைத் தனி வரியாகவோ கணக்குக் குறிப்பாகவோ போட வையுங்கள். கணக்கு ஏற்கெனவே கையொப்பமாகிவிட்டால், அவரிடம் ஒரு உறுதிக் கடிதம் வாங்கி இணையுங்கள். கடிதத்தில் இப்படி எழுதினோம்:

"2024 நவம்பர் வெள்ளத்தில் நனைந்த 12,000 கிலோ நெல்லின் நட்டம் (தீவன விற்பனை வரவு கழித்து) ரூபா 12 இலட்சம் விற்பனைக் கிரயத்தில் சேர்ந்துள்ளது. இதை நீக்கிப் பார்த்தால் மொத்த இலாப வீதம் முன்வருட அளவிலேயே உள்ளது. கணக்காய்வாளரின் கடிதம் இணைப்பு 1."

காப்புறுதிப் பணம் இன்னும் வரவில்லை என்றால் வருமானமாகக் காட்டாதீர்கள். கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி போதும். அது 2025/26 இல் வந்தால், அந்த வருட இலாபம் ஒருமுறை மட்டும் கூடித் தெரியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இணைப்புகளில் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல், திகதி தெரியும் படங்கள், திருத்த பில்கள் இருக்கட்டும். இவற்றைவிடக் கனமானது 2025 ஏப்ரலுக்குப் பிந்திய நடப்புக் கணக்குக் கூற்று. மாத வரவுகளை 2023 இன் அதே மாதங்களோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். வெள்ள மாதங்களிலும் பழைய கடனின் தவணை தவறவில்லை என்றால் அதை முதல் பந்தியிலேயே எழுதுங்கள். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அதை அவர்களே சரிபார்ப்பார்கள். தவணை பிந்தியிருந்தாலும் எந்த மாதம், எப்போது கட்டி முடித்தீர்கள் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும், பின்னால் இணைப்புகள் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை.