பழைய கம்பெனிக்கே திரும்ப: ரெக்ரூட்டருக்கு முதல் மெயில்

"மூணு வருஷம் முன்னாடி விட்ட கம்பெனிக்கே திரும்பப் போகணும். ஹெச்.ஆர்.ல தெரிஞ்சவங்க யாரும் இல்ல. முதல் மெயிலில் என்ன எழுதுறது?"

ரெக்ரூட்டர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது உங்கள் திறமையை அல்ல, பழைய பதிவில் "மீண்டும் எடுக்கலாம்" என்று இருக்கிறதா என்பதைத்தான். அதைத் தேட வேண்டிய விவரம் மெயிலிலேயே இருக்கட்டும். சப்ஜெக்ட் இப்படி:

"முன்னாள் ஊழியர் (ஐடி 40712): சீனியர் டெஸ்டர், ஜாப் ஐடி 8853"

உள்ளே நான்கைந்து வரி போதும்:

"வணக்கம். 2019 ஜூன் முதல் 2022 மார்ச் வரை சென்னை அலுவலகத்தில், பேமெண்ட்ஸ் டீமில் டெஸ்டராக இருந்தேன். நோட்டீஸ் பீரியட் முடித்து, ரிலீவிங் லெட்டர் பெற்று விலகினேன். அதன்பின் ஆட்டோமேஷன் டெஸ்டிங் செய்கிறேன். இந்த வேலைக்குப் பொருந்துவேனா என்று பேச 15 நிமிடம் கிடைக்குமா?"

பழைய மேனேஜர் இன்னும் அங்கே இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு அவர் பெயரைச் சேருங்கள். கேட்காமல் போட்டால், ரெக்ரூட்டர் விசாரிக்கும்போது அவர் தடுமாறுவார்; அது உங்களுக்குத்தான் பாதகம்.

நோட்டீஸ் முடிக்காமல் போயிருந்தால், அதை மறைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள், பதிவில் எப்படியும் தெரியும். சம்பளமும் விலகிய காரணமும் இப்போது வேண்டாம், போனில் கேட்பார்கள்.