இடைவெளியே இல்லாத பிட்டுகளை எங்கே வெட்டுவது? ஹஃப்மேன் மரம் பற்றிக் கேள்வி பதில்

நீளமா 0, 1 வரிசையைக் கொடுத்து டீகோட் பண்ணச் சொல்றாங்க. நடுவுல இடைவெளியே இல்ல, எங்க வெட்டுறதுன்னு எப்படித் தெரியும்?

நீங்கள் வெட்ட வேண்டாம், அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த பிட் கொடுத்துச் சுருக்கும் ஹஃப்மேன் மரமே வெட்டிக் கொடுத்துவிடும். 'பட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இது ப, ட, புள்ளி, ட, ம, புள்ளி என்று ஆறு குறிகள், ஏனென்றால் புள்ளிக்குத் தனி எண் உண்டு. இப்படிக் குறியீடு கொடுத்திருப்பதாக வையுங்கள்:

```
ட     = 0
புள்ளி = 10
ப     = 110
ம     = 111
```

சொல் முழுவதும் `110010011110` என்று 12 பிட் ஆகிறது. இப்போது மரத்தின் வேரில் நில்லுங்கள். 0 வந்தால் இடது கிளை, 1 வந்தால் வலது கிளை. முதல் பிட் 1, வலது. அடுத்ததும் 1, மறுபடி வலது. அப்புறம் 0, இடது. அங்கே இலை, அதில் ப இருக்கிறது. எழுதிக்கொண்டு நேராக வேருக்குத் திரும்புங்கள். அடுத்த பிட் 0, ஒரே அடியில் ட. மறுபடி வேர். 1, 0 என்று போனால் புள்ளி. அடுத்து 0, ட. 111, ம. கடைசி 10, புள்ளி. இலையைத் தொடும் இடம்தான் வெட்டு விழும் இடம், அதற்கென்று தனி அடையாளம் எதுவும் அனுப்பவில்லை.

ப-வுக்கு எதுக்கு அண்ணா மூணு பிட்? ட=0, புள்ளி=1, ப=01, ம=10 என்று கொடுத்தா 8 பிட்டுல முடிஞ்சிடுமே. 4 பிட் மிச்சம்!

மிச்சம்தான், ஆனால் திரும்பப் படிக்க முடியாது. உங்கள் கணக்குப்படி பட்டம் என்பது `01010101`. இதே வரிசையை 01, 01, 01, 01 என்று பிரித்தால் 'பபபப'. ஒவ்வொரு பிட்டாகப் பிரித்தால் 'ட்ட்ட்ட்'. மூன்றில் எது என்று சொல்ல அந்த வரிசைக்குள் ஒரு தடயமும் இல்லை.

மரமாக வரைந்தால் கோளாறு கண்ணிலேயே படும். ட 0-இல் உட்கார்ந்திருக்கிறது, ப 01, அதாவது ட-வுக்குக் கீழே. டீகோடர் 0 வந்ததும் ட என்று எழுதிவிட்டு வேருக்குப் போய்விடும், ப இருக்கும் இடத்துக்கு ஒருநாளும் இறங்காது. ஒரு குறியீடு இன்னொன்றின் தொடக்கமாக இருக்கக் கூடாது என்பதும், எழுத்துகள் எல்லாம் இலையில்தான் இருக்க வேண்டும் என்பதும் ஒரே விஷயம்.

இன்னொன்று, இதைப் பாகப்பிரிவினை மாதிரி பாருங்கள். ஒருவருக்கு 0 கொடுத்தால் 0-இல் தொடங்கும் எல்லாமே அவருக்குப் போய்விட்டது, பாதி நிலம் காலி. 10 என்பது கால் பங்கு, 110, 111 ஆளுக்கு அரைக்கால். கூட்டினால் சரியாக ஒன்று. உங்கள் பிரிவினையில் அரை, அரை, கால், கால், மொத்தம் ஒன்றரை. இல்லாத நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்! கிராஃப்ட் என்ற ஆய்வாளர் 1949-இல் சொன்ன கணக்கு இதுதான்.

தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். மோர்ஸில் E ஒரு புள்ளி, A புள்ளியும் கோடும். ஒன்று இன்னொன்றின் தொடக்கம்தானே? நாங்கள் எல்லாம் சரியாகத்தானே படித்தோம்?

ஐயா, நீங்கள் படித்தது புள்ளி, கோடு இரண்டை மட்டும் இல்லை, நடுவில் விட்ட மௌனத்தையும் சேர்த்துத்தான். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று புள்ளி நேரம் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் புள்ளி, கோடு என்பது A-வா, E-யும் T-யுமா என்று உங்களாலும் சொல்ல முடியாது. மோர்ஸுக்கு மூன்றாவதாக ஒரு குறி இருக்கிறது, எங்களுக்கு இரண்டே இரண்டுதான். (மேலே நான் சொன்ன புள்ளி தமிழ் மெய்யெழுத்தின் புள்ளி, மோர்ஸ் புள்ளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நீங்க கொடுத்த 12 பிட்டையே போட்டுப் பார்த்தேன், 'ப்ம' என்று வருது. மரம் சரியாத்தான் இருக்கு, நூறு தடவை பார்த்துட்டேன்.

```python
for b in bits:
    if node.left is None:
        out.append(node.ch)
        node = root
    else:
        node = node.left if b == '0' else node.right
```

மரம் சரி, வரிசை தப்பு தம்பி. இலையில் நிற்கிறோமா என்று அடுத்த பிட்டைக் கையில் எடுத்த பிறகு பார்க்கிறாய், இலை என்றால் ப-வை எழுதிவிட்டு அந்தப் பிட்டைத் தூக்கி எறிகிறாய். 110 முடிந்து வந்த 0, அதாவது முதல் ட, அப்படித்தான் காணாமல் போனது. அடுத்த 10 சரியாகப் புள்ளி, அதன் பின்னால் வந்த 0 போச்சு. 111 ம, அதன் பின்னால் வந்த 1 போச்சு. மிஞ்சிய ஒரு 0 ட-வில் கொண்டுபோய் விடுகிறது, அதை எழுதுவதற்குள் வரிசையே முடிந்துவிடுகிறது. முதலில் நகர், அப்புறம் இலையா என்று பார்:

```python
for b in bits:
    node = node.left if b == '0' else node.right
    if node.left is None:
        out.append(node.ch)
        node = root
```

முதல் எழுத்து சரியாக வந்து அப்புறம் எழுத்துகள் விழுங்கப்பட்டால் பெரும்பாலும் இந்தத் தவறுதான். ஒரே எழுத்து மட்டும் உள்ள கோப்பைக் கொடுத்தால் இதுவும் விழும், அங்கே வேரே இலை. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்.

தொடக்க விதியை மீறினால் டீகோட் செய்யவே முடியாது என்பதுதானே முடிவு?

பாதி சரி. 0, 01, 11 என்று மூன்று குறியீடு வையுங்கள். 0 என்பது 01-இன் தொடக்கம், விதி மீறல்தான். ஆனாலும் எந்த வரிசையையும் ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும், பின்னாலிருந்து படித்தால் விதி மீறலே இல்லை. சிக்கல் முன்னாலிருந்து படிக்கும்போது. 0-வுக்குப் பின்னால் நிறைய 1 வந்தால், அவை இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று எண்ணி முடித்த பிறகுதான் முதல் எழுத்தே 0-வா 01-ஆ என்று தெரியும். ஆயிரம் 1 வந்தால் ஆயிரமும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு லாபமும் கிடையாது: இப்படி ஒரே விதமாகப் பிரியும் எந்தக் குறியீட்டுக்கும் அதே நீளங்களில் விதியை மீறாத ஒன்று உண்டு என்று மக்மில்லன் என்ற கணிதவியலாளர் 1956-இல் நிரூபித்துவிட்டார்.

என் மரமும் நண்பன் மரமும் வேற வேற. அவனுக்கு நாலு எழுத்துக்கும் இரண்டிரண்டு பிட். யாருடையது தப்பு?

இரண்டும் சரி. எண்ணிக்கை குறைந்த இரண்டை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போவதுதான் மரம் கட்டும் முறை. 'பட்டம்' சொல்லில் ட இரண்டு, புள்ளி இரண்டு, ப ஒன்று, ம ஒன்று. ப-வையும் ம-வையும் சேர்த்ததும் மூன்று இரண்டுகள் சமமாக நிற்கும், எந்த இரண்டை எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். அவன் மரத்திலும் 12 பிட், உங்களுடையதிலும் 12. ஆனால் அவன் சுருக்கியதை உங்கள் மரத்தில் படித்தால் குப்பைதான் வரும், மரத்தையோ குறியீட்டு நீளங்களின் பட்டியலையோ சேர்த்தே அனுப்ப வேண்டும்.

கோப்பில் எழுதிப் படித்தால் 'பட்டம்டடடட' என்று வருகிறது. கடைசி நாலு ட எங்கிருந்து?

12 பிட்டைக் கோப்பில் வைக்க 2 பைட், அதாவது 16 பிட் ஆகிறது. மீதி நாலு இடத்தை 0 போட்டு நிரப்பியிருப்பீர்கள், 0 என்றால் ட. டீகோடருக்கு எது நிரப்பு, எது எழுத்து என்று தெரியாது. மொத்த எழுத்து எண்ணிக்கையை முன்னால் எழுதலாம், அல்லது 'முடிந்தது' என்பதற்கே ஒரு இலை வைக்கலாம். ஜிப் கோப்புகளில் வழக்கமாக இருக்கும் டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறை இரண்டாவதைத்தான் செய்கிறது, அங்கே 256-ஆம் குறி அதற்கென்றே இருக்கிறது. சின்னக் கோப்புக்கு எது சிக்கனம் என்பதை நீங்களே இரண்டையும் எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள். எண்ணிக்கை வைப்பதே போதும் என்பது என் பழக்கம், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.