500 லைட் போட்டா ஏன் திணறுது? க்ளஸ்டர்டு ஃபார்வர்ட் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்க்ரீனை 16x9 டைலா பிரிச்சு, ஆழத்துல 100 மீட்டரை 24 ஸ்லைஸா சமமா வெட்டிட்டேன். கேமராவுக்கு கிட்ட இருக்கற பொருள்தான் ரொம்ப ஸ்லோ. ஏன்?

சமமா வெட்டினதுதான் கோளாறு. ஒரு ஸ்லைஸ் 4 மீட்டருக்கு மேல நீளம் வருது, ஆனா 90 டிகிரி பார்வையில 1 மீட்டர் தூரத்துல டைல் அகலம் 12.5 செ.மீ தான், அதாவது முருங்கைக்காய் மாதிரி நீட்டமா ஒரு க்ளஸ்டர், அதை எங்க ஒரு லைட் உரசினாலும் அந்த க்ளஸ்டரோட லைட் லிஸ்ட்ல ஏறிடும், அப்புறம் அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு பிக்சலும் அந்த லைட்டையும் சேத்து சுத்தும். லாக் கணக்குல வெட்டுங்க. ஆனா நியர் 0.1ல இருந்து ஆரம்பிச்சா 24ல 8 ஸ்லைஸ் முதல் 1 மீட்டர்லயே போயிடும், அங்க பெருசா ஒண்ணும் இருக்காது. நான் அந்த 1 மீட்டரை ஒரே ஸ்லைஸா வெச்சுட்டு மீதி 23ஐ 1ல இருந்து 100 வரைக்கும் பிரிப்பேன்:

```glsl
// z: வியூ ஸ்பேஸ் ஆழம், பாசிட்டிவ்
uint s = z < 1.0 ? 0u
  : 1u + min(uint(log(z) / log(100.0) * 23.0), 22u);
```

லைட்டை லிஸ்ட்ல போடற கம்ப்யூட் ஷேடர்லயும் இதே எல்லைகள்தான் இருக்கணும், இல்லன்னா லைட் ஒரு பக்கம் லிஸ்ட் ஒரு பக்கம்னு ஆயிடும்.

கேள்வி: வெளிச்சம் சதுரம் சதுரமா வெட்டுப்படுது. எங்க தேடறது?

சதுரம் அசையாம, லைட்டோட ஓரத்துல மட்டும் தெரிஞ்சா அட்டென்யுவேஷன் பாருங்க. 1/d² என்னிக்கும் சைபர் ஆகாது, ஆனா க்ளஸ்டர் ரேடியஸோட கதையை முடிச்சிடும். `max(1-(d/r)^4, 0)^2` ஆல பெருக்கினா ஓரம் மெதுவா அணையும்.

லைட் கூட்டமா இருக்கற மூலைக்கு கேமரா போறப்ப மட்டும் சதுரம் மினுக்கினா லிஸ்ட் நிரம்பி வழியுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு க்ளஸ்டர்லயும் எத்தனை லைட்னு கலரா வரைஞ்சு பாத்தா உடனே தெரியும், லிமிட்டை தொட்ட இடமெல்லாம் சிவப்பா நிக்கும். நான் ஒருதரம் அட்டாமிக் கவுன்ட்டரை ஃபிரேமுக்கு ஃபிரேம் சைபர் ஆக்க மறந்துட்டேன், முதல் சில ஃபிரேம் ஜம்முனு வந்துச்சு, அப்புறம் மொத்த சீனும் இருட்டு, அரை நாள் போச்சு.

கேள்வி: டெப்த் ப்ரீபாஸ் கட்டாயமா?

இல்ல. க்ளஸ்டர் டெப்த் பஃபரை பாத்து கட்டறது இல்ல, அதனாலதான் கண்ணாடி, புகை எல்லாம் அதே லிஸ்டை எடுத்துக்குது. ஆனா ஒண்ணு மேல ஒண்ணா பொருள் நிறைய இருந்தா மறைஞ்சு போற பிக்சலுக்கும் லைட் லூப் ஓடும், அப்ப ப்ரீபாஸ் லாபம். ரெண்டு விதமாவும் ஓட்டி டைம் அளந்துக்கோங்க.

கேள்வி: எல்லாம் செஞ்சும் 500 லைட்ல திணறுது?

ரேடியஸை பாருங்க. சின்ன விளக்குக்கு 20 மீட்டர் குடுத்திருந்தா 5 ஆக்குங்க, அது நிரப்பற கொள்ளளவு 64ல ஒரு பங்கா குறையும். அதுக்கு அப்புறமும் ஸ்லோன்னா எத்தனை லைட்டுக்கு ஷேடோ போட்டிருக்கீங்கன்னு எண்ணுங்க, ஷேடோ மேப் வரையற செலவை க்ளஸ்டரிங் ஒரு பைசா குறைக்காது.